ஒரே மீறல், மூன்று வரைவுகள்: முறிக்கும் முன் எந்த நோட்டீஸை அனுப்புவது?

ஆகஸ்ட் முதல் வாரம் எங்கள் எம்.டி. மேஜையில் மூன்று கடிதங்கள் கிடந்தன. மூன்றும் ஒரே பவுண்டரிக்கு, ஒரே விஷயத்துக்காக எழுதியவை. முதலாவது அவரே கோபத்தில் டைப் பண்ணச் சொன்னது, "உங்கள் ஒப்பந்தம் இன்றோடு ரத்து." இரண்டாவது நான் எழுதியது, "இத்தனை நாளில் சரிசெய்யாவிட்டால் ஒப்பந்தம் தானாகவே முடிந்துவிடும்." மூன்றாவது வக்கீல் திருத்திக் கொடுத்தது. "இத்தனை நாளில் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் முறிக்கும் உரிமை எங்களுக்கு வரும், அதைப் பயன்படுத்துவதாக இருந்தால் தனியாகக் கடிதம் எழுதுவோம்" என்பதுதான் அதன் சாரம். நான் வக்கீல் இல்லை. கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் கொள்முதலும் ஒப்பந்தங்களும் பார்க்கிறவன். அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிடுகிறேன், எண்களைக் கொஞ்சம் முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

விவகாரம் இதுதான். அரசூர் பக்கத்து பவுண்டரி ஒன்று எங்களுக்கு மாதம் 600 பம்ப் கேசிங் காஸ்டிங் தர வேண்டும், 10-ஆம் தேதி 300, 25-ஆம் தேதி 300. ஜூன் 10-க்கு வர வேண்டிய லாட் 19-ஆம் தேதி வந்தது, 25-க்கு வர வேண்டியது ஜூலை 9-ஆம் தேதி. ஜூலை மாதத்துக்கான இரண்டு லாட்டும் சேர்த்தே 380-தான் வந்தது, அதிலும் 41 ரிஜெக்ட், பெரும்பாலும் ப்ளோ ஹோல், அதாவது வார்ப்புக்குள் காற்று அடைத்து விழும் ஓட்டை. ஒப்பந்தப்படி ரிஜெக்ஷன் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, இதுவோ கிட்டத்தட்ட 11. மெஷின் ஷாப்பில் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எம்.டி.க்குக் கோபம் வராமல் எப்படி இருக்கும்?

ஒப்பந்தத்தின் 14-ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது. ஒரு தரப்பு முக்கியமான மீறல் செய்தால், மறு தரப்பு மீறலைக் குறிப்பிட்டு எழுத்தில் நோட்டீஸ் தரலாம். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அது சரிசெய்யப்படவில்லை என்றால், இன்னொரு எழுத்து அறிவிப்பின் மூலம் ஒப்பந்தத்தை முடிக்கலாம். இந்த இரண்டே வாக்கியத்தில் எங்கள் பதில் பாதி இருந்தது. ஆனால் நாங்கள் மூவரும் அதை அதற்குமுன் ஒருமுறைகூட நிதானமாகப் படித்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதல் வரைவின் கவர்ச்சி புரிகிறது. நம்பிக்கை போய்விட்டது, இனி எதற்கு இழுக்க வேண்டும்? கூடவே எம்.டி. இன்னொன்றும் சொன்னார்: "லெட்டர் போற அதே நாள்ல லாரிய அனுப்பி நம்ம பேட்டர்னையெல்லாம் தூக்கிட்டு வந்துருங்க." வார்ப்புக்கு அச்சு எடுக்க வைக்கும் மாதிரிகளான இந்தப் பேட்டர்ன்கள் எங்கள் செலவில் செய்தவை, எங்கள் சொத்து, பவுண்டரியில் இருக்கின்றன. நியாயமாகத்தான் பட்டது.

வக்கீல் கேட்ட முதல் கேள்வி வேறு. "அவங்க இனிமே சப்ளை பண்ண மாட்டோம்னு எங்காவது எழுதியிருக்காங்களா?" இல்லை. அப்படி எழுதியிருந்தாலோ, பர்னஸை விற்றுவிட்டு மூடியிருந்தாலோ கதையே வேறு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 39-ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. ஒருவர் தன் கடமையை முழுமையாக நிறைவேற்ற மறுத்தால், அல்லது நிறைவேற்ற முடியாத நிலைக்குத் தன்னைக் கொண்டுபோய்விட்டால், மற்றவர் ஒப்பந்தத்தை முடிக்கலாம். எங்கள் பவுண்டரியோ தாமதமாகவும் குறைவாகவும் மோசமாகவும் அனுப்பினாலும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. தவணை தவணையாகச் சரக்கு அனுப்பி தவணைக்குத் தவணை பணம் தரும் ஒப்பந்தங்களுக்கு 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 38-ஆம் பிரிவு இருக்கிறது. ஒன்றிரண்டு தவணை கெட்டுப்போனால் அது ஒப்பந்தம் முழுவதையும் கைவிட்டதாகுமா, இல்லை அந்தத் தவணைக்கு மட்டும் நஷ்டஈடு கேட்கக்கூடிய மீறலா என்பதை ஒப்பந்த வாசகத்தையும் சூழ்நிலையையும் வைத்து வழக்குக்கு வழக்கு பார்க்க வேண்டும் என்கிறது அது. நாம் "முழுசும் போச்சு" என்று முடிவெடுத்து, பிறகு யாராவது "இல்லை, இரண்டு தவணைதான் போச்சு" என்று சொல்லிவிட்டால், மீறியவர்கள் நாமாகிவிடுவோம்.

தேதி விஷயத்திலும் ஒரு சிக்கல். எங்கள் ஒப்பந்தத்தில் தாமதத்துக்கு வாரத்துக்கு அரை சதவீதம் பிடித்தம் என்று ஒரு பிரிவு உண்டு. அது நமக்குச் சாதகம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். 1979-இல் ஹிந்த் கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது என்னவென்றால், ஒப்பந்தத்திலேயே கால நீட்டிப்புக்கும் தாமத அபராதத்துக்கும் வழி வைத்திருந்தால், காலம்தான் ஒப்பந்தத்தின் சாரம் என்று எழுதியிருந்தாலும் அதன் வலு குறைந்துவிடும். அது கட்டுமான ஒப்பந்தம், நம்முடையது சரக்கு. அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த வாதம் கையில் இருக்கிறது. போதாக்குறைக்கு ஜூன் லாட் தாமதமாக வந்தபோது எங்கள் ஸ்டோர்ஸ் பையன் வாட்ஸ்அப்பில் என்ன பதில் போட்டிருந்தான் தெரியுமா? "சரிங்க சார், ரெடியானதும் அனுப்புங்க." கூடவே ஒரு கைகூப்பு. தேதியை நாமே தளர்த்திக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. இப்படித் தளர்ந்துபோன தேதியை மறுபடி இறுக்க ஒரே வழி, நியாயமான அவகாசம் கொடுத்து, "இனி இந்தத் தேதிதான், இதற்கு மேல் இல்லை" என்று எழுத்தில் சொல்வதுதான். ஆக அவகாச நோட்டீஸ் என்பது 14-ஆம் பிரிவின் சடங்கு மட்டுமில்லை, நாம் இழந்துவிட்ட பிடியைத் திரும்ப வாங்கித் தருவதும் அதுதான்.

முதல் வரைவு அதோடு குப்பைக்கூடைக்குப் போனது. லாரியும் ரத்து. லாரியைப் பற்றி வக்கீல் சொன்னதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தப்பைச் செய்கிறவர்கள் நிறையப் பேர். அவகாசம் கொடுத்துவிட்டு பேட்டர்னை எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் அவர்கள் எதை வைத்து வார்ப்பார்கள்? ஒப்பந்தச் சட்டத்தின் 53-ஆம் பிரிவின்படி, ஒரு தரப்பு தன் கடமையைச் செய்வதை மறு தரப்பு தடுத்தால், ஒப்பந்தத்தை விட்டு விலகும் உரிமையும் நஷ்டஈடும் தடுக்கப்பட்டவருக்குத்தான் போகும். நாம் கொடுத்த அவகாசத்தை நாமே கெடுத்ததாகிவிடும். பேட்டர்ன் நம் சொத்துதான், ஆனால் கெடு முடியும்வரை அது இருக்க வேண்டிய இடம் அவர்கள் மோல்டிங் ஷாப்.

அடுத்து என்னுடைய வரைவு, தானாக முடியும் நோட்டீஸ். இதன் மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் பாசம் உண்டு, ஏனென்றால் படிக்க மிடுக்காக இருக்கும், ஒரே கடிதத்தில் வேலை முடியும், "இரண்டாவது கடிதம் போட மறந்துவிட்டோம்" என்ற தொல்லை இல்லை. ஒப்பந்தமே "சரிசெய்யாவிட்டால் தானாக முடியும்" என்று சொல்லியிருந்தால் இதுதான் சரியான வடிவமாகக்கூட இருக்கலாம். எங்களுடையது அப்படிச் சொல்லவில்லை, இன்னொரு அறிவிப்பு வேண்டும் என்கிறது. அதை மட்டும் வைத்தே என் வரைவைத் தள்ளிவிடலாம். ஆனால் அந்த வாசகம் இல்லாவிட்டாலும் எனக்கு இப்போது அது பிடிக்காது, காரணம் கெடு முடிகிற நாளில் நடக்கும் குழப்பம். கடைசி நாள் மாலை 220-க்கு 200 வந்து இறங்கினால் ஒப்பந்தம் முடிந்ததா, இல்லையா? சரிசெய்தாயிற்று என்று யார் முடிவு செய்வது? மறுநாள் காலை அவர்கள் வண்டி கேட்டுக்கு வந்தால் ஸ்டோர்ஸில் இறக்குவார்களா, திருப்பி அனுப்புவார்களா? இறக்கிவிட்டால், முடிந்துபோனதாக நாமே அறிவித்த ஒப்பந்தத்தின் கீழ் சரக்கு வாங்கியிருக்கிறோம். நடத்தையும் கடிதமும் ஒன்றையொன்று மறுக்கும். இன்னொரு ஆபத்து, நாள் கணக்கில் ஒரு நாள் பிசகினால் தவறான தேதியில் முறித்தவர்களாகிவிடுவோம், அதைத் திருத்த இடமே இருக்காது. இரண்டு கட்டமாகப் போனால், முதல் கட்டத்தில் என்ன நடந்தது என்று பார்த்து, சரக்கை மெஷினில் ஏற்றிச் சோதித்து, ராத்திரி தூங்கி எழுந்து, அப்புறம் முடிவெடுக்கலாம்.

ஆகவே மூன்றாவது வரைவு. இதற்கும் ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். சாமர்த்தியமான எதிர்த்தரப்பு கடைசி நாளில் சரிசெய்துவிட்டு அடுத்த மாதம் மறுபடி அதையே செய்யும், நாம் மறுபடி முதலிலிருந்து நோட்டீஸ் எழுத வேண்டும். "12 மாதத்தில் மூன்று முறை மீறினால் அவகாசம் கிடையாது" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் இந்த விளையாட்டு நடக்காது. எங்களுடையதில் இல்லை. இனி போடும் ஒப்பந்தங்களில் போடுகிறோம்.

வடிவம் முடிவானது. நாள் எத்தனை என்பதில்தான் அதிக நேரம் போனது, 15-ஆ, 30-ஆ. 14-ஆம் பிரிவுப்படி 15 போதும். எம்.டி.க்கு 15-கூட அதிகம். 30 என்றதும் "ஏனுங்க, அவங்களுக்கு நாம எதுக்குங்க இனாம் கொடுக்கணும்?" என்றார். 30-க்குக் காரணம் வேறொரு சட்டத்தில் இருக்கிறது. குறித்த நிவாரணச் சட்டம், 1963-ஐ 2018-இல் திருத்தியபோது 20-ஆம் பிரிவைப் புதிதாக எழுதினார்கள். மீறலால் பாதிக்கப்பட்டவர் அந்த வேலையை வேறொருவரை வைத்து முடித்துக்கொண்டு, அதற்கான செலவை மீறியவரிடம் வசூலிக்கலாம் என்பது அதன் சாரம். ஆனால் அதற்குமுன் 30 நாளுக்குக் குறையாத எழுத்து நோட்டீஸ் தந்து, அந்த அவகாசத்துக்குள் செய்யச் சொல்லியிருக்க வேண்டும். 15 நாள் நோட்டீஸ் தந்துவிட்டு 16-ஆம் நாள் வேறு பவுண்டரிக்கு ஆர்டர் போட்டால், ஒப்பந்தத்தை முடிக்கும் உரிமை இருக்கும், ஆனால் இந்தப் பிரிவின் கீழ் செலவு கேட்பது கஷ்டமாகிவிடும். இதை மிகைப்படுத்தவும் வேண்டாம். அந்த வழி அடைபட்டாலும் ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவின் கீழ் விலை வித்தியாசத்தை நஷ்டஈடாகக் கேட்கும் பழைய வழி அப்படியேதான் இருக்கிறது. "தரப்புகள் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் தவிர" என்று 20-ஆம் பிரிவே சொல்வதால் எங்கள் 15 நாள் பிரிவே அந்த வேறுவிதமான ஒப்புதல் என்றும் வாதாடலாம். வாதாடலாம் என்பதுதான் பிரச்சினை. 15 நாள் கூடக் கொடுத்தால் அந்த வாதமே தேவைப்படாது.

அப்புறம் நடைமுறைக் கணக்கு ஒன்று போட்டோம், உண்மையில் எம்.டி.யைச் சம்மதிக்க வைத்தது அதுதான். வேறு பவுண்டரிக்குப் போவதென்றால் அவர்களுக்குப் பேட்டர்ன் வேண்டும். நம்முடையது இங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது. புதிதாக ஒரு செட் செய்ய எங்கள் பேட்டர்ன் மேக்கர் மூன்றிலிருந்து நான்கு வாரம் கேட்டார், அதற்கப்புறம் சாம்பிள் வார்த்து அளவு பார்க்க ஒரு வாரம். ஆக 15-ஆம் நாள் முறித்தாலும் 30-ஆம் நாள் முறித்தாலும் புதுக் காஸ்டிங் வரப்போவது கிட்டத்தட்ட ஒரே தேதியில்தான். எங்கள் ஒப்பந்தத்தில் அவர்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, அதனால் அவகாசம் ஓடும்போதே நம் செலவில் இரண்டாவது பேட்டர்ன் செய்ய ஆரம்பித்துவிடலாம். அப்படிப் பார்த்தால் கூடுதல் 15 நாள் இனாமே இல்லை. மாற்று ஆள் நாளைக்கே தயார் என்கிற தொழிலில் இருப்பவர்களுக்கு, ஆபீஸ் ஹவுஸ்கீப்பிங், கேன்டீன் மாதிரி, இந்தக் கணக்கு வேறு மாதிரி வரலாம். அங்கே ஒப்பந்தம் சொல்லும் குறைந்த நாளோடு நின்றுகொள்வதில் அர்த்தம் உண்டு.

எழுத உட்காருவதற்கு முன் வக்கீல் இன்னொரு கேள்வி கேட்டார்: "நீங்க அவங்களுக்குப் பாக்கி எதுவும் வெச்சிருக்கீங்களா?" அக்கவுன்ட்ஸில் கேட்டால் இரண்டு பில், சேர்த்து 4,12,000 ரூபாய், 52 நாளாக நிற்கிறது. பவுண்டரி பதிவு செய்த சிறு நிறுவனம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, எழுத்தில் ஒப்புக்கொண்ட கெடுவாக இருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. நம் நோட்டீஸுக்கு முதல் பதிலாக இதுதான் வந்திருக்கும்: "பணம் தரவில்லை, அதனால்தான் ஸ்கிராப் வாங்க முடியவில்லை, அதனால்தான் வார்க்க முடியவில்லை." ஆகஸ்ட் 4 அன்று நெஃப்ட்டில் அனுப்பிவிட்டு, 5-ஆம் தேதி நோட்டீஸ் போட்டோம். மீறல் நோட்டீஸ் எழுதுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தன் சொந்த லெட்ஜரை. நான் அதைக் கடைசியில் பார்த்தேன்.

இனி வாசகம். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்ததால் நோட்டீஸும் ஆங்கிலத்தில்தான் போனது, இங்கே தமிழில் தருகிறேன். என் வரைவில் மீறல் பத்தி இப்படி இருந்தது:

"தாங்கள் தொடர்ந்து தரமற்ற பொருள்களைத் தாமதமாக அனுப்பி எங்கள் உற்பத்திக்குப் பெரும் இழப்பு ஏற்படுத்தி வருகிறீர்கள்."

கேட்க உறைப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று இதில் ஒரு சொல்கூட இல்லை. "தொடர்ந்து" என்றால் எப்போது? "தரமற்ற" என்றால் எத்தனை? கடைசியில் அனுப்பிய கடிதத்தில் இருந்தது இது:

"ஒப்பந்தத்தின் 6-ஆம் பிரிவுப்படி ஜூலை 10, ஜூலை 25 தேதிகளில் வர வேண்டிய 600-இல் ஜூலை 31 வரை 380 மட்டுமே வந்துள்ளன, குறைவு 220. வந்த 380-இல் 41 காஸ்டிங்குகள் இணைப்பில் உள்ள ஆய்வு அறிக்கைகளின்படி நிராகரிக்கப்பட்டன, இது 8-ஆம் பிரிவின் 3 சதவீத வரம்பை மீறுகிறது. இந்த 220-ஐயும் 41-க்கு மாற்றையும், ஆக 261 காஸ்டிங்குகளை, கீழே குறித்த தேதிக்குள் எங்கள் ஸ்டோர்ஸில் ஒப்படைக்கக் கோருகிறோம். ஆகஸ்ட் மாதத் தவணைகள் இதற்கு வெளியே, அவற்றின் தேதிகளில் மாற்றம் இல்லை."

41 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு சின்னக் கதை. உண்மையில் கெட்டது 47. ஆறு காஸ்டிங் மெஷினிங்கில்தான் தெரிந்தது, அதை நாங்கள் அவர்களுக்குச் சொன்னது ஒப்பந்தம் அனுமதித்த 10 நாள் கழித்து. அந்த ஆறையும் சேர்த்தால் எண் பெரிதாகும், கூடவே நோட்டீஸில் ஒரு ஓட்டையும் வரும். விட்டுவிட்டோம். அதேபோல எம்.டி. "இனிமே தாமதமாகாதுன்னு பேங்க் கியாரண்டி கேளுங்க" என்றார். ஒப்பந்தத்தில் இல்லாததை சரிசெய்யும் நிபந்தனையாகக் கேட்டால், அவர்கள் 261-ஐயும் கொடுத்துவிட்டு கியாரண்டி தராதபோது நாம் எதை வைத்து முறிப்பது? அதுவும் போனது. ஜூன் மாதத் தாமதத்தை நோட்டீஸில் எழுதினோம், ஆனால் சரிசெய்ய வேண்டியவற்றில் சேர்க்கவில்லை. வந்துசேர்ந்துவிட்ட சரக்கின் தாமதத்தை யாரும் பின்னோக்கிப் போய்ச் சரிசெய்ய முடியாது. அது பின்னணி, அவ்வளவுதான்.

கெடு தேதியை எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. ஒப்பந்தம் "கிடைத்த நாளிலிருந்து" என்கிறது, ஆனால் எழுதும்போது எப்போது கிடைக்கும் என்று தெரியாது. "செப்டம்பர் 10 மாலை 5 மணி, அல்லது இந்த நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 30 நாள் முடிவு, இரண்டில் எது பிந்தியதோ அதற்குள்" என்று எழுதினோம். தபால் ஆகஸ்ட் 8 அன்று கிடைத்தது. கிடைத்த நாளை விட்டுவிட்டு 9-ஆம் தேதியை முதல் நாளாக எண்ணினால் முப்பதாவது நாள் செப்டம்பர் 7. ஆக 10-ஆம் தேதிதான் கெடு, மூன்று நாள் உபரி. நடுவில் ஆகஸ்ட் 15 வருகிறதே, அதைக் கழிக்க வேண்டாமா என்று ஸ்டோர்ஸில் கேட்டார்கள். ஒப்பந்தம் வேலை நாள் என்று சொல்லாமல் வெறுமனே நாள் என்றால் விடுமுறையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும், ஆனால் உபரி வைத்துவிட்டால் அந்த வாக்குவாதத்துக்கே இடமில்லை.

கடைசிப் பத்தியில் மூன்று விஷயம். ஒன்று, 14-ஆம் பிரிவு 15 நாள் என்றாலும் 30 நாள் தருவது உரிமையை விட்டுக்கொடுப்பதாகாது. இரண்டு, முன்பு தாமதச் சரக்கை ஏற்றதை இனிமேலும் ஏற்போம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்று, இந்தக் கடிதம் முறிப்பு இல்லை, முறிப்பதாக இருந்தால் தனியாக எழுதுவோம். இரண்டாவதற்குக் காகிதத்தில் எழுதினால் மட்டும் போதாது. ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின் கடைசிப் பகுதியைப் படித்தால், தேதிதான் முக்கியம் என்கிற ஒப்பந்தத்தில் தாமதச் சரக்கை ஏற்கிறவர், ஏற்கும் அதே நேரத்தில் நஷ்டஈடு கேட்கும் எண்ணத்தைத் தெரிவிக்காவிட்டால், பின்னால் கேட்க முடியாது. அதனால் ஸ்டோர்ஸுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து கொடுத்தோம்: "தாமதமாகப் பெறப்பட்டது, நஷ்டஈட்டு உரிமைக்கு உட்பட்டு." தாமதமாக வரும் ஒவ்வொரு டெலிவரி சலானிலும், டிரைவரிடம் திருப்பித் தரும் காப்பி உட்பட, ஊதா மையில் அது விழுந்தாக வேண்டும். வாட்ஸ்அப்பில் கைகூப்பு போட்ட அதே பையன்தான் இப்போது அதைக் குத்துகிறான்.

அனுப்புவதைப் பற்றிச் சுருக்கமாக. ஒப்பந்தம் என்ன வழி சொல்கிறதோ அந்த வழி, அது சொன்ன முகவரி. நாங்கள் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால், கூடவே மெயில். பவுண்டரியின் பதிவு அலுவலகம் ஊருக்குள், ஃபேக்டரி அரசூரில். ஒப்பந்தத்தில் இருந்தது பதிவு அலுவலகம், அதற்கு அசல், ஃபேக்டரிக்கு நகல். வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்ததெல்லாம் நோட்டீஸ் அனுப்பும் வழியைச் சொல்லும் எங்கள் ஒப்பந்தத்தின் 19-ஆம் பிரிவுக்குக் கணக்கில்லை. 2025-இல் தபால் துறை பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டதால், "பதிவுத் தபாலில் மட்டும்" என்று எழுதிய பழைய ஒப்பந்தங்கள் வைத்திருப்பவர்கள் இனி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, கூடவே நேரில் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிவிடுவது நல்லது.

அப்புறம் என்ன ஆனது? ஆகஸ்ட் 10 லாட் 14-ஆம் தேதி வந்தது, ஸ்டாம்ப் விழுந்தது. 25-ஆம் தேதி லாட் சரியாக வந்தது. செப்டம்பர் 8 அன்று ஒரு லாரியில் 261-ம் மொத்தமாக வந்து இறங்கின. சரிசெய்துவிட்டார்களா என்றால், அன்றைக்கே சொல்ல முடியாது. ப்ளோ ஹோல் பாதி தோலுக்கு அடியில் இருக்கும், ஃபேஸ் மெஷினிங் பண்ணி ஒரு வெட்டு எடுத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். ஒரு வாரம் ஆனது. 15-ஆம் தேதி குவாலிட்டியிலிருந்து அறிக்கை வந்தது, 261-இல் 9 ரிஜெக்ட். கால்குலேட்டரில் போட்டால் 3.4 சதவீதம்.

வரம்பு 3. எட்டு கெட்டிருந்தாலும் 3.07, ஏழாக இருந்திருந்தால் உள்ளே. எம்.டி. என்னைப் பார்த்தார், நான் வக்கீலுக்கு போன் போட்டேன். "பிரிவு முக்கியமான மீறல்னு சொல்லுதுங்க. ரெண்டு காஸ்டிங்குக்காக ரெண்டு வருஷ ஒப்பந்தத்தை முறிச்சோம்னு சொல்லி யார் முன்னாடி நிப்பீங்க?" என்றார் அவர். தானாக முடியும் என் வரைவு போயிருந்தால் இந்நேரம் ஒப்பந்தம் முடிந்ததா இல்லையா என்று இரண்டு தரப்பும் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருப்போம், எட்டாம் தேதி இறங்கிய லாரிக்கு யாருக்கும் பதில் தெரிந்திருக்காது. நாங்கள் அரைப் பக்கக் கடிதம் ஒன்று எழுதினோம். 261 வந்தது, 9 நிராகரிக்கப்பட்டது, அவற்றுக்கு மாற்று பத்து நாளில் வேண்டும், ஆகஸ்ட் 5 நோட்டீஸில் சொன்ன உரிமைகள் அப்படியே நிற்கின்றன. ஒன்பதும் ஏழாம் நாள் வந்துவிட்டன.

இரண்டாவது செட் பேட்டர்ன் செப்டம்பர் கடைசியில் தயாரானது. அதை பெயின்ட் அடித்து எங்கள் ஸ்டோர்ஸ் ரேக்கில் மேல் தட்டில் வைத்திருக்கிறோம். முறிப்புக் கடிதமும் வக்கீல் எழுதித் தந்தபடியே ஃபைலில் இருக்கிறது, தேதி மட்டும் போடவில்லை.